முப்பத்தொன்றாம் தேதிக்குப் பங்கு இல்லை

எங்கள் கம்பெனியில் எல்லா மாதத்துக்கும் முப்பது நாள்தான். பிப்ரவரிக்கும் முப்பது, அக்டோபருக்கும் முப்பது. பிரெஞ்சுக்காரர்கள் கொடி இறக்கி மூட்டை கட்டிப் போய் மூன்று வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு மட்டும் போகவில்லை. மாதச் சம்பளத்தை முப்பது பங்கு போட வேண்டும். பதினாறாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பதினைந்து பங்கு. பத்தாம் தேதியோடு நின்றவனுக்குப் பத்து. என்னைப்போல் காலையில் மட்டும் வருகிறவர்களுக்குச் சம்பளமே பாதி. அந்தப் பாதியை முப்பதாக வகுத்தால் ஒரு நாள் பங்கு. எழுபது ரூபாய் வேலைக்கு எனக்கு முப்பத்தைந்து. பாதி நாள் வேலை என்று பெயரே தவிர, முழு நாள் வேலையைத்தான் மத்தியானத்துக்குள் முடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. முப்பதாம் தேதி வேலையை விட்டுப் போகிறவனுக்கு முப்பதுக்கு முப்பது, அதாவது முழு மாதச் சம்பளம் வந்துவிடும். முப்பத்தொன்றாம் தேதி சேருகிறவனுக்கு ஒன்றும் வராது. முப்பதில் முன்னால் போன முப்பது நாளைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம்தானே. அதனால் அன்றைக்கு யார் வந்து சேர்ந்தாலும் மறு மாதம் முதல் தேதி சேர்ந்ததாக எழுதுவது எங்கள் வழக்கம்.

வழக்கத்தைக் காத்துக்கொண்டிருந்தவர் கணக்கர் வைத்திலிங்கம். பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்வதுபோல் எல்லோரும் அவரை மெசியே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர். ஆனால் முப்பதை முப்பத்தொன்று என்று சொன்னால் சாமியைத் திட்டியதுபோல் முகம் சுளிப்பார்.

கம்பெனிக்குக் கடற்கரைத் தெருவில் கிடங்கு. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து சலங்குப் படகில் சரக்கு ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவது தொழில். படகுக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் கம்பெனியின் மாதச் சம்பள ஆட்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு போனால் காசு கிடையாது என்பது மெட்ராஸ் இன்ஷூரன்ஸ்காரர்கள் போட்ட நிபந்தனை.

அந்த அக்டோபர் முப்பதாம் தேதி, சாமிக்கண்ணு என்கிற படகாள் வேலையை விட்டான். கடலூர்த் துறைமுகத்தில் வேறு வேலை கிடைத்திருந்தது. முழு அறுபது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே மாதப் பட்டியலை மூடி, மேலாளர் இராமதாஸ் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை வானம் கறுத்துக் கிடந்தது. துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றிவிட்டார்கள். நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே காற்று ஜன்னலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கப்பலில் இன்னும் ஒரு நடைச் சரக்கு பாக்கி. கப்பல்காரன் மத்தியானத்துக்குமேல் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். படகுக்கு ஏழு பேர்தான் இருந்தார்கள்.

இராமதாஸ் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஆளின் பெயர் பாலகுரு. முப்பது வயதிருக்கும். கூட அவன் மனைவி அஞ்சம்மாளும் வந்திருந்தாள், மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு.

"இவன் சாமிக்கண்ணு எடத்துக்கு. இன்னையிலேருந்து மாசச் சம்பளம். எழுதிக்க" என்றார் இராமதாஸ்.

நான் பேனாவை எடுத்தேன். பின்னாலிருந்து வைத்திலிங்கம் குரல் வந்தது.

"செல்வாம்பா, இன்னைக்கு என்ன தேதி?"

"முப்பத்தொண்ணு, மெசியே."

"அப்பறம் என்ன எழுதற? பட்டியலை மூடியாச்சு. முப்பத்தொண்ணுக்குப் பங்கு இல்லை. நாளைக்குப் புதுப் பட்டியல்ல ஒண்ணாந்தேதின்னு எழுதிக்கலாம்."

"பணம் பூஜ்யமா இருக்கட்டும். பேரையும் தேதியையும் எழுதி வெச்சுடறேன்" என்றேன்.

"பங்கு இல்லாத பேரைப் பட்டியல்ல எழுதற வழக்கம் இங்க இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. "இந்த ஆளு படகுல போறது நாளைக்கு இல்லை மெசியே, இன்னைக்கு" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இராமதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாலகுரு சிரித்தான். "வுடுங்கக்கா. இன்னைக்கு ஒரு நாளு ஓசியில ஓட்டிட்டுப் போறேன்."

அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே கடலைப் பார்த்துவிட்டு, "கொடி ஏத்திக்கிறாங்களே ஐயா, போய்த்தான் ஆவணுமா?" என்று இராமதாஸிடம் கேட்டாள்.

"ஒரு நடைதான்மா. போனதும் வந்துடுவாங்க" என்றார் அவர்.

போனார்கள். கரைக்குத் திரும்பும்போது, அலை உடையும் இடத்தில் படகு கவிழ்ந்தது. ஏழு பேர் நீந்திக் கரையேறினார்கள். பாலகுரு வரவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஆகியும் தெற்கே தவளக்குப்பம் வரைக்கும் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து அஞ்சம்மாள் அலுவலகத்தின் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார ஆரம்பித்தாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் நான் வரும்போது இருப்பாள். மத்தியானம் நான் போகும்போதும் அங்கேயே இருப்பாள். எங்கள் எல்லோருக்கும் வாசலைத் தாண்டிப் போகவே பயமாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு காலை உள்ளே நுழைந்தால், மேலாளர் அறையில் சாமிக்கண்ணு உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

இராமதாஸ் கதவைச் சாத்தச் சொன்னார். என்னிடம் ஒரு தாளை நீட்டி, டைப் அடிக்கச் சொன்னார். படித்துப் பார்த்தேன். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி படகில் போன எட்டுப் பேரின் பெயர்கள். எட்டாவது பெயர் சாமிக்கண்ணு. எட்டுப் பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள், சரக்கு மட்டும் மூழ்கியது என்று எழுதியிருந்தது.

"பாலகுரு?" என்றேன்.

"யாரு பாலகுரு? பட்டியல்ல அப்படி ஒரு பேரு இருக்குதா?"

பட்டியலில் இல்லைதான். முழுப் பங்கு வாங்கினவனுக்கு நின்ற தேதி எழுதும் வழக்கம் இல்லாததால், சாமிக்கண்ணு முழு அறுபது ரூபாயோடு, மாதம் முடிய வேலை செய்தவனாக இருந்தான். விட்டுப் போனவன் பட்டியலில் இருக்கிறான். மூழ்கிப் போனவன் இல்லை. எங்கள் முப்பது பங்குக் கணக்கு யாரும் பொய் சொல்லாமலே இந்த வேலையைச் செய்து வைத்திருந்தது.

"சரக்கு பணம் வரலைன்னா கம்பெனிய மூட வேண்டியதுதான். இருபது குடும்பம் தெருவுக்கு வரும்" என்றார் இராமதாஸ். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பொம்பளைக்கு நானே ஏதாவது பாத்து செய்யறேன். அப்பறம் செல்வாம்பா, நீ பாதி நாளு ஆளு. பாதிய முழுசா ஆக்கலாம். ஒண்ணும் இல்லாமலும் ஆக்கலாம். யோசிச்சுக்க."

நான் டைப் அடித்தேன். அடித்துக் கொடுத்துவிட்டுப் போய் வைத்திலிங்கத்தின் முன்னால் நின்றேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு நாளாக அவர் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவே இல்லை என்று பியூன் சொன்னான்.

"உங்க கணக்கு எங்க கொண்டுபோய் வுட்டிருக்குதுன்னு பாத்தீங்களா மெசியே?"

"கணக்குல தப்பு இல்லைம்மா" என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

அன்றிரவு முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். அஞ்சம்மாள் புருஷன் செத்தான் என்று ஒரு கணக்கில் ஏறினால்தான் அவளுக்குச் சல்லிக்காசாவது கிடைக்கும். அவன் படகிலேயே ஏறவில்லை என்று ஆகிவிட்டால், பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவன் என்று நாளைக்கு ஊர் பேசும். அவள் அதையும் கேட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்திருப்பாள்.

நவம்பர் நடுவில் இன்ஷூரன்ஸ் ஆள் மெட்ராஸிலிருந்து வந்தார். பெயர் சக்கரபாணி. மெலிந்த உடம்பு, சிரிக்கத் தெரியாத முகம். மேலாளர் அறையில் என்னையும் வைத்திலிங்கத்தையும் கூட நிற்க வைத்து, பட்டியலை விரித்து, படகாட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். ஏழு பேரும் தரையைப் பார்த்தபடி, எட்டுப் பேர் போனோம், எட்டுப் பேர் வந்தோம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன், எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

கடைசியாகச் சாமிக்கண்ணு.

"அக்டோபர் மாசத்துக்கு எவ்வளவு சம்பளம் வாங்கினே?"

"அறுபதுங்க. முழுசா."

சக்கரபாணி பட்டியலோடு ஒத்துப்பார்த்துக் குறித்துக்கொண்டார். அவருக்கு அது போதும். முழுச் சம்பளம் என்றால் அவர் ஊரில் முப்பத்தொரு நாளும் வேலை செய்தவன் என்று அர்த்தம். பேனாவை மூடியபடி, சும்மா ஒரு பேச்சுக்குத்தான், என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பட்டியல் நீங்க எழுதினதா? எல்லாம் சரியா இருக்கில்ல?"

இராமதாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ரூபாய் போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது, மறைக்க மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே கேட் தெரிந்தது.

"பட்டியல் சரிதாங்க. ஆனா நீங்க அதைப் படிக்கற விதம் சரியில்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"இங்க மாசத்துக்கு முப்பதே பங்குதான். முப்பதாந்தேதி வேலைய வுட்டவருக்கும் இதே அறுபதுதான் வரும். முழுச் சம்பளம் வாங்கினாருன்னா முப்பத்தொண்ணாந்தேதி வேலையில இருந்தாருன்னு அர்த்தம் இல்லை."

சக்கரபாணி சாமிக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். "முப்பத்தொண்ணாந்தேதி நீ எங்க இருந்தே? போய் விசாரிச்சா ஒரு நாள்ல தெரிஞ்சுடும். பொய்யா கையெழுத்துப் போட்டா உள்ள போகணும், தெரியுமில்ல?"

சாமிக்கண்ணு தாங்கவில்லை. "கடலூர்லங்க. அன்னைக்குத்தான் அங்க சேந்தேன். அங்க முப்பத்தொண்ணுல ஒரு பங்குன்னு அந்த ஒரு நாளைக்கும் காசு குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அழுதான்.

"அப்போ எட்டாவது ஆள் யாரு?"

"பாலகுரு. அன்னைக்குக் காலையில மாசச் சம்பளத்துக்குச் சேந்தவரு. கேட்டுகிட்ட உக்காந்திருக்கறது அவரு பொண்டாட்டி" என்றேன்.

சக்கரபாணியின் குரலில் கோபம்கூட இல்லை. "எங்களுக்கு வேணுங்கறது அந்த ஆள் அன்னைக்கு மாசச் சம்பளத்துல இருந்தாரா இல்லையாங்கறதுதான். பங்கு எவ்வளவுங்கறது உங்க சமாசாரம். சேர்ந்த தேதி முப்பத்தொண்ணு, நின்ன தேதி, நின்ன காரணம், மூணையும் மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த நாள் கூலியையும் குடுத்து ரசீது வாங்கிக் காட்டுங்க. அப்போ எட்டுப் பேர் கணக்கும் சரியாகும். சாவுக்கான பணத்துக்கும் வழி உண்டு. உடம்பு கிடைக்காததால மெட்ராஸ்ல முடிவு பண்ண நாளாகும். எழுதலைன்னா ரெண்டும் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, டைப் அடித்த தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்."

இராமதாஸின் முகம் மாறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார்.

கூலி எவ்வளவு என்ற கேள்வி வந்தது. அறுபதை முப்பத்தொன்றால் வகுத்தால் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று சக்கரபாணி பென்சிலால் போட்டுக் காட்டினார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த வைத்திலிங்கம் முன்னால் வந்தார்.

"இந்தக் கம்பெனியில முப்பதுல ஒரு பங்குதான் ஒரு நாள். ரெண்டு ரூபாய்" என்றார். "ஒரே மாசத்துக்குள்ள சேந்து ஒரே மாசத்துக்குள்ள நின்னவனுக்குக் கழிச்சுப் பாக்கறது தப்பு. அவன் செஞ்ச நாளை எண்ணணும். நான்தான் அன்னைக்கு எண்ணலை." சொல்லிவிட்டு மறுபடி சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அஞ்சம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் பாதியாகியிருந்தாள். நான் ரசீதையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்து, விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். ஒரு நாள் கூலி, இரண்டு ரூபாய், இங்கே கைநாட்டு.

அவள் கையை நீட்டவில்லை.

"ஒரு நாளுன்னு எப்பிடிக்கா எண்ணுனீங்க?"

"முப்பத்தொண்ணாந்தேதி சேந்தாரு. அன்னைக்கே..."

"சேந்த தேதி எனக்கும் தெரியும். நானும்தான் கூட வந்தேன். நின்ன தேதிய யாரு சொன்னது? கம்பெனி வேலையாத்தானே கடலுக்குப் போனாரு. இன்னும் வரலை. வேலைய வுட்டுட்டேன்னு அவரு சொன்னாரா? நீங்க நிறுத்திட்டதாச் சொன்னீங்களா? அப்போ இன்னைக்கு வரைக்கும் வேலையிலதான் இருக்காரு. இன்னைக்கு வரைக்கும் எண்ணுங்க."

சக்கரபாணி என்னைப் பார்த்தார். நான் வைத்திலிங்கத்தைப் பார்த்தேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. சேர்ந்த தேதி மட்டும் இருந்து நின்ற தேதி இல்லாவிட்டால் பங்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். நவம்பருக்கு முப்பது, டிசம்பருக்கு முப்பது.

"அம்மா, படகு முழுகிச்சு. உனக்கே தெரியும்" என்றார் இராமதாஸ்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? எட்டுப் பேரும் கரையேறிட்டாங்கன்னுதானே ஊரெல்லாம் சொல்லிக்கிறாங்க. அவரை அனுப்புனது நீங்க. கொடி ஏத்தியிருக்குன்னு கேட்டதுக்கு ஒரு நடைதான்னீங்க. அவரோட கடைசி நாளு எதுன்னு நீங்களே சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

நான் பட்டியலை இராமதாஸ் பக்கம் திருப்பி, பேனாவையும் வைத்தேன். நின்ற தேதிக்கான இடம் காலியாக இருந்தது. சரக்குப் பணம் வேண்டுமென்றால் அவர் அதை எழுதியே ஆக வேண்டும்.

எழுதினார். முப்பத்தொன்று. காரணம் என்ற இடத்தில், கம்பெனிப் படகில் போய்க் கடலில் மூழ்கி என்று எழுதினார். எழுதிவிட்டு அவளைப் பார்த்து, "முப்பத்தொண்ணாந்தேதிதாம்மா. நான்தான் அனுப்பினேன்" என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள். அவளை அழ வைப்பதற்குத்தான் ஒரு தேதியை எழுத வைத்தோம் போலிருந்தது. நான் அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து ரசீதில் ஒற்றினேன். விரல் சில்லென்று இருந்தது. இரண்டு ரூபாயை அவள் முந்தானையில் நானே முடிந்துவிட்டேன்.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். கேட்டைத் தாண்டும்போது நின்றாள்.

"அக்கா, ஒருவேளை அவரு வந்துட்டாருன்னா இந்த ரெண்டு ரூபாயத் திருப்பிக் குடுக்கணுமா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கணக்கெழுதும் புத்தி எனக்கு. "வேணாம்மா. வந்துட்டா அந்தத் தேதி தப்புன்னு ஆயிடும். நடுவுல போன நாளுக்கெல்லாம் கம்பெனிதான் பங்கு போட்டுக் குடுக்கணும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

மாதக் கடைசியில், முப்பதாம் தேதி, சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நிழல் விழுந்தது. அஞ்சம்மாள். குளித்து, தலைவாரி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தாள்.

"இந்த மாசத்துக்கு எத்தினி பங்கு ஆச்சுக்கா?" என்று கேட்டாள்.

வைத்திலிங்கம் எழுதுவதை நிறுத்திவிட்டார். உள்ளே எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பது" என்றேன்.